ஊர் வெள்ளத்தில் இருக்கும்போது வெளியாகவிருக்கும் விளம்பரப் பதிவுகளை என்ன செய்வது?

கேள்வி: தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை நான் கவனித்து வருகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது, நான் வேலைக்குச் சேர்வதற்கு முன், நேரம் குறித்து வைத்திருந்த ஆஃபர் பதிவு ஒன்று தானாக வெளியாகி, ஊர்க்காரர்கள் கடுமையாகத் திட்டியிருக்கிறார்கள். முதலாளி அதை இன்னும் மறக்கவில்லை. இந்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன்பே தயாராக இருக்க விரும்புகிறேன். எதை, எப்போது நிறுத்த வேண்டும்? திரும்ப எப்போது தொடங்கலாம்? வாசகங்களை எப்படி மாற்றுவது?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் குறிப்பிடும் அந்த வெள்ளத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு பேசலாம், ஏனென்றால் இந்த வேலையில் வரக்கூடிய சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு வாரத்தில் இருந்தன. 2023 டிசம்பர் 17 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கிய மழையில், மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை மீறியது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, மின்சாரமும் கைபேசி இணைப்பும் பல இடங்களில் அற்றுப்போயின. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்கு அந்த வாரம் எப்படிப்பட்டது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரத்துக்கான பதிவுகள் முழுவதையும் எந்தக் கடையும் முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்திருக்கும்.

உங்கள் கடையைப் போன்ற ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு மாலை ஒரு ரீல், திங்கள் காலை ஓர் ஆஃபர் பதிவு, புதனன்று குழந்தைகள் உடைகளின் படத்தொகுப்பு, 24ஆம் தேதி வாழ்த்து என்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளைக் கையாளும் மெட்டா பிசினஸ் சூட்டில் நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது. இவற்றோடு கட்டண விளம்பரம் ஒன்று தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது, திங்கள் காலை பதினொரு மணிக்கு வாடிக்கையாளர்களுக்கு மொத்தக் குறுஞ்செய்தி போக வேண்டும், பக்கத்துக்குச் செய்தி அனுப்புகிற எவருக்கும் “வணக்கம்! எங்கள் கிறிஸ்துமஸ் ஆஃபர்களைப் பாருங்கள்” என்று தானியங்கிப் பதில் போகிறது. “பதிவுகளை நிறுத்திவிட்டேன்” என்று ஒருவர் சொல்லும்போது பெரும்பாலும் இவற்றில் முதல் நான்கை மட்டுமே நிறுத்தியிருப்பார். மக்கள் திட்டுவதற்கு மற்ற மூன்றும் போதும்.

மெட்டா பிசினஸ் சூட்டில் எல்லாப் பதிவுகளையும் ஒரே பொத்தானில் நிறுத்திவைக்கலாம் என்று நம்பி இருக்காதீர்கள். பஃபர் போன்ற சில கருவிகளில் ஒவ்வொரு கணக்கின் வரிசையையும் நிறுத்திவைக்க வசதி உண்டு. சூட்டிலோ Planner பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பதிவாகத்தான் கவனிக்க வேண்டும். இங்கே பலர் செய்வது, பதிவை இரண்டு நாள் தள்ளிப்போடுவது. இரண்டு நாளில் தண்ணீர் வடியாது, தள்ளிப்போட்டதை நீங்களும் மறந்துவிடுவீர்கள், புதன்கிழமை அது தானாக வெளியாகிவிடும். ஆகவே வாசகத்தையும் படத்தின் பெயரையும் ஒரு தாளிலோ எக்செல் கோப்பிலோ படியெடுத்துக்கொண்டு, பதிவை வரிசையிலிருந்தே எடுத்துவிடுங்கள். திரும்ப ஏற்றுவதற்குப் பத்து நிமிடம் ஆகும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் வாசகத்தை மறுபடி படிக்கும்படி ஆகிறது, அதுதான் நமக்கு வேண்டியது. இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளேயே நேரம் குறித்தவை இருந்தால் அந்தச் செயலிக்குள் போய்த் தனியாகப் பாருங்கள். யூடியூப் ஷார்ட்ஸுக்கும் அப்படியே.

கட்டண விளம்பரத்தை ஆட்ஸ் மேனேஜரில் நிறுத்த வேண்டும். கைபேசியிலிருந்து ‘பூஸ்ட்’ செய்த பதிவும் விளம்பரம்தான், அதுவும் அங்கேதான் இருக்கும். இதில் முதலாளிகளுக்கு ஒரு தயக்கம் உண்டு, அது நியாயமானதும்கூட: ஒரு விளம்பரத் தொகுப்பை 7 நாள் அல்லது அதற்கு மேல் நிறுத்திவைத்துத் திரும்ப இயக்கினால், விளம்பரத்தை யாருக்குக் காட்டினால் பலன் கிடைக்கும் என்று கண்டறியும் கற்றல் நிலையிலிருந்து மெட்டா அதை மறுபடியும் தொடங்க வைக்கும், சில நாட்களுக்குச் செலவு ஏறியிறங்கும். வாசகத்தையோ படத்தையோ மாற்றினாலும், ஊர்த் தேர்வை மாற்றினாலும் இதே விளைவுதான். இந்த இழப்பை முன்னரே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். மழை நின்ற மறுநாள் “விளம்பரத்தை ஏன் இன்னும் போடவில்லை” என்று அவர் கேட்பதற்கும், நீங்கள் அவசரப்பட்டு ஆறாம் நாள் திரும்ப இயக்குவதற்கும் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். வெள்ளத்தில் இருக்கிற ஊரில் ஜவுளி விளம்பரம் ஓடினால் அந்தப் பணமும் வீண்தான். வருகிற கருத்துகளோ விளம்பரத்துக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கடைக்கு மதுரையிலோ கோவையிலோ கிளை இருந்தால், அந்த ஊர்களுக்கு மட்டும் தனித் தொகுப்பாக ஓடுகிற விளம்பரத்தை விட்டுவைக்கலாம். ஆனால் பக்கத்தில் போடுகிற சாதாரணப் பதிவு தூத்துக்குடிக்காரர்களுக்கும் போகும் என்பதால் அதை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

குறுஞ்செய்திதான் மிகவும் பிடிவாதமானது. இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப அதன் வார்ப்புரு, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டிப் பதிவாகியிருக்க வேண்டும், அதில் விடப்பட்ட மாறும் இடங்களைத் தவிர மற்ற சொற்களை நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. அதாவது, வெள்ளத்தன்று “கடை மூடியிருக்கிறது, முன்பதிவு செய்த துணிகள் பத்திரமாக இருக்கின்றன” என்று புதிதாக எழுதி அனுப்ப நினைத்தாலும் அனுப்ப இயலாது. விளம்பரக் குறுஞ்செய்தி காலை 10 மணிக்கு முன் போகக்கூடாது என்ற விதி நமக்கு ஒரு சிறு அவகாசம் தருகிறது, ஆனால் அனுப்பும் நிறுவனத்தின் அலுவலகம் ஞாயிறன்று திறந்திருக்காது. ஆகவே செப்டம்பரிலேயே இரண்டு காரியங்களை முடித்துவிடுங்கள். கடை மூடல், திறப்பு நேரம், முன்பதிவு ஆகியவற்றுக்கான ஓர் அறிவிப்பு வார்ப்புருவைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்தில் விடுமுறை நாளிலும் தொலைபேசியை எடுக்கிற ஒருவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தானியங்கிப் பதிலை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெள்ள நாளில் உங்கள் பக்கத்துக்கு வருகிற செய்திகள் துணி வாங்குவதற்கானவை அல்ல. “என் தங்கை உங்கள் கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள், போன் எடுக்கவில்லை, கடையில் இருக்கிறார்களா?” என்ற மாதிரியான செய்திகள்தான் வரும். அதற்குப் பதிலாகக் கிறிஸ்துமஸ் ஆஃபர் போய்ச் சேர்ந்தால், அந்த ஸ்கிரீன்ஷாட்டை யாரும் மன்னிக்க மாட்டார்கள், மன்னிக்கவும் வேண்டாம். மெசஞ்சரிலும் இன்ஸ்டாகிராமிலும் Instant reply, வாட்ஸ்அப் பிசினஸில் Greeting message, Away message ஆகியவற்றை முதலில் திருத்துங்கள், பதிவுகள் பிறகு இருக்கட்டும். “கடை இன்று மூடப்பட்டுள்ளது. ஊழியர்களைப் பற்றிய விசாரணைக்கு இந்த எண்ணை அழைக்கவும்” என்ற இரு வாக்கியங்கள் போதும். கூகுளில் கடையின் Special hours பகுதியில் அன்று விடுமுறை என்று குறிப்பதையும் இதோடு சேர்த்துச் செய்யுங்கள். திறந்திருப்பதாக நம்பி ஒருவர் முழங்கால் தண்ணீரில் வருவதைத் தடுக்க அது ஒன்றுதான் வழி.

இத்தனையையும் யார் செய்வது என்ற கேள்விதான் 2023இல் பல கடைகளைச் சிக்க வைத்திருக்கும். கணக்கு முதலாளியின் கைபேசி எண்ணில் இருக்கிறது, புதிய கணினியிலிருந்து உள்ளே நுழைந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகிறது, அவர் வீட்டில் மின்சாரமும் இல்லை, கோபுரமும் வேலை செய்யவில்லை. உங்கள் நிலையும் அதுவாகத்தான் இருக்கும், நீங்களும் அதே ஊரில்தானே இருக்கிறீர்கள்! எனவே வேறு மாவட்டத்தில் இருக்கிற, நம்பிக்கைக்குரிய ஒருவருக்குப் பக்கத்தையும் விளம்பரக் கணக்கையும் கையாளும் உரிமையை அவருடைய சொந்தக் கணக்கின் வழியாகவே கொடுத்து வைக்க வேண்டும். மதுரைக் கிளையின் மேலாளராகவோ முதலாளியின் உறவினராகவோ அவர் இருக்கலாம். கடவுச்சொல்லைப் பகிர்ந்தால் ஓடிபி மறுபடியும் தூத்துக்குடிக்கே வந்து நிற்கும். குறுஞ்செய்தி ஓடிபிக்குப் பதிலாக ஆத்தென்டிகேட்டர் செயலியை வைத்துக்கொண்டால் இணைப்பு இல்லாத போதும் எண் கிடைக்கும். அவர் உங்களைக் கேட்காமலேயே நிறுத்தலாம், ஆனால் கேட்காமல் எதையும் வெளியிடக்கூடாது என்று முதலாளியிடம் இப்போதே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு, உணர்ச்சியை நம்பாமல் ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்வது நல்லது. பள்ளிகளுக்கு விடுமுறை என்று ஆட்சியர் அறிவித்தாலே எல்லாவற்றையும் நிறுத்தினால் ஐப்பசி, கார்த்திகை முழுவதும் கடை ஊமையாகிவிடும். அந்த நாட்களில் அடுத்த 48 மணி நேரத்துப் பதிவுகளை ஒரு முறை படித்துப் பார்த்தால் போதும். சென்னை வானிலை ஆய்வு மையம் உங்கள் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தாலோ, மழை இல்லாமலே ஊரில் உயிரிழப்பு நேர்ந்தாலோ, அந்த நொடியிலேயே நிறுத்துங்கள். அடிபட்டவர்கள் யார், எத்தனை பேர் என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். தேவையில்லாமல் ஒரு நாள் நிறுத்தியதற்காக எந்தக் கடையையும் யாரும் திட்டியதில்லை.

பட்டாசு ஆலை வெடிப்பு, கூட்ட நெரிசல், படகு விபத்து போன்றவற்றில் நிலைமை சற்று வேறு. கடைத்தெரு திறந்திருக்கும், பேருந்து ஓடும், பெரும்பாலோர் வழக்கம்போல வேலைக்குப் போவார்கள். அதனால் நிறுத்தும் காலம் வெள்ளத்தைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் சொற்களின் மேல் கவனம் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். நெரிசலில் மக்கள் இறந்த வாரத்தில் “கூட்டம் அலைமோதுகிறது, நீங்களும் முந்துங்கள்” என்ற வாசகம் வெளியாகக் கூடாது. இறுதிச் சடங்குகள் முடியும்வரையாவது விற்பனைப் பதிவு வேண்டாம் என்பது என் கருத்து.

வாசகங்களுக்கு வருவோம். நமது ஜவுளி விளம்பரத் தமிழ் முழுக்க முழுக்க இயற்கைச் சீற்றத்திலிருந்து எடுத்த சொற்களால் ஆனது. தள்ளுபடி மழை, ஆஃபர் வெள்ளம், விலையில் சூறாவளி, அதிரடி விலைச்சரிவு, அள்ளிச் செல்லுங்கள், ஆஃபர் மழையில் நனையுங்கள் என்று ஆண்டு முழுவதும் எழுதிப் பழகியதால் நம் கண்ணுக்கே அவை படுவதில்லை. மழைக்காலம் முழுவதற்கும், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளியாகும் பதிவுகளில், இந்தச் சொற்களைத் தொடக்கத்திலேயே எழுதாமல் விடுங்கள். படத்தில் அச்சாகிவிட்ட எழுத்தைப் பற்றி இன்னும் அதிகக் கவனம் தேவை. வெளியான பதிவின் வாசகத்தை ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பிறகு திருத்திக்கொள்ளலாம். படத்துக்குள் இருக்கும் “தள்ளுபடி மழை” அப்படியே நிற்கும். ஃபேஸ்புக்கில் திருத்திய வரலாற்றைப் படிப்பவர்களும் பார்க்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சொல் ஒன்றில் தீமை எதுவுமில்லாமலே அது காயப்படுத்தக்கூடும். 2017இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களுக்கு அடிடாஸ் நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலின் தலைப்பு, மாரத்தானில் உயிர் பிழைத்துவிட்டீர்கள், வாழ்த்துகள் என்ற பொருளில் இருந்தது. ஓடி முடித்ததைப் பாராட்டும் வழக்கமான பேச்சுதான் அது. ஆனால் அதே மாரத்தானில் 2013இல் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்திருந்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. எழுதியவர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர்; அந்த ஊரின் நினைவோடு அந்த வரியைப் படித்துப் பார்க்க யாருமில்லை, அவ்வளவுதான். உங்கள் கடையில் அப்படிப் படித்துப் பார்க்கும் ஆள் நீங்கள்.

இப்போது நம் எடுத்துக்காட்டுக் கடையின் திங்கள்கிழமைப் பதிவைப் பார்க்கலாம். அதில் இருந்தது இது: “கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் ஆரம்பம்! ஆஃபர் மழையில் குடும்பத்தோடு நனைய வாருங்கள்! 50% வரை தள்ளுபடி. 3 நாட்கள் மட்டுமே, முந்துங்கள்!” மழையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. “குடும்பத்தோடு வாருங்கள்” என்பது வெளியே வரக்கூடாத நாளில் வெளியே அழைக்கிறது. “3 நாட்கள் மட்டுமே” என்பது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவரிடம் அவகாசம் முடிகிறது என்கிறது. வாசகத்தில் மாற வேண்டியது தொனி மட்டுமல்ல, அதிலுள்ள நிபந்தனையும்தான். நிபந்தனையை மாற்ற முதலாளி ஒப்புக்கொள்ளாவிட்டால், எவ்வளவு பணிவாக எழுதினாலும் பதிவு பழையதாகவே இருக்கும்.

முதல் சில நாட்களில் இந்தக் கடை வெளியிட வேண்டியது இவ்வளவுதான்: “கனமழை காரணமாக எங்கள் கடை மறு அறிவிப்பு வரும்வரை மூடப்பட்டிருக்கும். முன்பணம் செலுத்திய வாடிக்கையாளர்களின் துணிகள் எங்களிடம் பத்திரமாக உள்ளன. ரசீது நனைந்துபோயிருந்தாலும் கவலை வேண்டாம். நீங்கள் கொடுத்த கைபேசி எண்ணைச் சொன்னால் போதும்.” இதில் கடைசி வாக்கியம்தான் முக்கியமானது. வெள்ளம் புகுந்த வீட்டில் ரசீது என்ன ஆகும் என்பதை யோசித்த ஒருவரால்தான் அதை எழுத முடியும், படிப்பவரும் அதை உணர்வார். துணிகள் உண்மையிலேயே பத்திரமாக இருக்கின்றனவா என்று கிடங்கைப் பார்த்தவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஆழ்ந்த இரங்கல், பிரார்த்தனை, இணைந்து மீள்வோம் என்ற வரிகளைக் கடையின் இலச்சினையோடு வடிவமைத்துப் போட வேண்டியதில்லை. நிவாரணப் பொருள் கொடுத்தால் கொடுங்கள், வாங்குபவரின் முகம் தெரியும் படத்தைப் போடாதீர்கள். “ஒவ்வொரு விற்பனையிலும் பத்து ரூபாய் நிவாரணத்துக்கு” என்ற திட்டத்தையும் அந்த வாரத்தில் நான் ஏற்க மாட்டேன், அது வெள்ளத்தைக் காட்டித் துணி விற்பதுதான். கொடுக்க நினைப்பதை விற்பனையோடு கட்டாமல் கொடுத்துவிடலாம்.

கடை திறக்கும்போது பதிவு இப்படி வரலாம்: “நாளை முதல் காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணி வரை கடை திறந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு அறிவித்த விலைகள் ஜனவரி 6 வரை மாறாது, வசதிப்படும்போது வாருங்கள். முன்பதிவு செய்தவர்கள் அழைத்தால், சாலை திறந்திருக்கும் பகுதிகளுக்கு வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறோம்.” வியப்புக்குறி ஒன்றுகூட இல்லை, தள்ளுபடி விகிதமும் இல்லை. ஆனால் விற்பனைக்கு வேண்டிய தகவல் எல்லாம் இருக்கிறது. பண்டிகைக்கு ஒரு புதுத்துணியாவது எடுக்க வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள் அந்த வாரத்திலும் இருக்கும். வெள்ளத்தில் உடைகளை இழந்தவர்களுக்கு மாற்று உடையே அவசரத் தேவையாக இருக்கும். அவர்களிடமிருந்து விலையை மறைப்பதும் சரியல்ல என்பதால்தான் முழு மௌனத்தை நான் நீட்டிக்கச் சொல்லவில்லை. போர்வை, துண்டு, நைட்டி, பள்ளிச் சீருடை என்று உடனடியாகத் தேவைப்படுபவை இருப்பில் உள்ளன என்று சொல்லும் பதிவு அப்போது ஒரு செய்தியாகவே படிக்கப்படும், விலையை மட்டும் ஒரு ரூபாய்கூட ஏற்றியிருக்கக் கூடாது.

வழக்கமான விளம்பரத்துக்கு எப்போது திரும்பலாம் என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் பக்கத்தின் செய்திப் பெட்டியைப் பாருங்கள். “கடை திறந்தாச்சா”, “ரோடு எப்படி இருக்கு” என்ற கேள்விகள் குறைந்து, அளவும் நிறமும் விலையும் கேட்கிற செய்திகள் வரத் தொடங்கியிருக்கிறதா? உங்கள் ஊழியர்கள் எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்களா? முகாம்களாக இருந்த பள்ளிகளில் வகுப்பு நடக்கிறதா? இம்மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தபின், முதலில் சாதாரணப் பதிவு ஒன்றைப் போட்டு ஒரு நாள் முழுக்கக் கருத்துகளைக் கவனியுங்கள். ஒருவராவது “இன்னும் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது” என்று எழுதினால், அவருக்குப் பதில் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். கட்டண விளம்பரம் கடைசியாக வரட்டும்.

எல்லாம் செய்தும் ஒரு பதிவு தப்பி வெளியாகிவிட்டால், யாரும் பார்க்கும் முன் என்றால் நீக்கிவிடுங்கள். கருத்துகள் வந்துவிட்டன என்றால் நீக்குவது மட்டும் போதாது, ஏனெனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்களிடம் அது இருந்துகொண்டே இருக்கும். “ஊர் வெள்ளத்தில் இருக்கும்போது விற்பனைப் பதிவு வெளியிட்டது எங்கள் தவறு. அதை நீக்கிவிட்டோம். மன்னிக்க வேண்டுகிறோம்” என்று எழுதி, மூன்று வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தானாக வெளியாகிவிட்டது, தொழில்நுட்பக் கோளாறு என்ற விளக்கங்கள் வேண்டாம். நேரம் குறித்து வைத்தவர்கள் நாம்தான். திட்டியவர்களின் கருத்துகளை மறைக்கவோ அவர்களைத் தடை செய்யவோ கூடாது.

கடைசியாக ஒரு தேதி. டிசம்பர் 26ஐ ஆண்டிறுதி விற்பனையின் தொடக்கமாகப் பலரும் குறித்து வைக்கிறார்கள். 2004இல் சுனாமி வந்தது அந்த நாளில்தான்; கடற்கரை ஊர்களில் அன்று காலையில் இன்றும் அஞ்சலி நடக்கிறது. உங்கள் கடைக்கு நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களிலும் வாடிக்கையாளர்கள் இருந்தால், அந்த விற்பனையை 27ஆம் தேதிக்கு மாற்றிவிடுங்கள். டிசம்பர் 17, 18ஐயும் இனி உங்கள் பதிவு அட்டவணையில் அதே நிறத்தில் குறித்து வையுங்கள்.